மூன்றில் ஒரு பங்கு டாஷ்போர்டுகளை நிறுத்தியும் பில் குறையாதது ஏன்? ஒரு நிகழ்வு ஆய்வு

மருந்து மொத்த விநியோகம் செய்யும் ஒரு நிறுவனத்தின் கதை இது. கிளை விற்பனை, நிலுவை வசூல், காலாவதி நெருங்கும் சரக்கு, ஜிஎஸ்டி ஒப்பீடு என்று அறுபதுக்கு மேற்பட்ட டாஷ்போர்டுகள் அங்கே பவர் பிஐ என்ற அறிக்கை மென்பொருளில் இருந்தன. தரவு இருந்தது ஸ்னோஃப்ளேக் என்ற இணையவழித் தரவுக் கிடங்கில். டாஷ்போர்டுகளில் பெரும்பாலானவை தரவை முழுவதுமாகத் தம்மிடம் இழுத்து வைத்துக்கொள்ளும் வகை. ஆகவே ஒவ்வொரு புதுப்பிப்பின்போதும் ஸ்னோஃப்ளேக்கில் தரவைக் கேட்டு எடுக்கும் பெரிய கேள்விகள் ஓடும்; அந்த ஓட்டத்துக்குக் காசு.

எங்கள் குழுவிடம் இந்த வேலை வருவதற்கு முன்பே ஒரு முறை களையெடுப்பு நடந்திருந்தது. யாரும் பார்ப்பதில்லை என்று தெரிந்தவற்றைப் பட்டியலிட்டு, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை நீக்கியிருந்தார்கள். அடுத்த மாத ஸ்னோஃப்ளேக் பில் முந்தைய மாதத்தைப் போலவே வந்தது. நிதிப் பிரிவு மேலாளர் எங்களிடம் கேட்ட முதல் கேள்வியே அதுதான்: “இருபதுக்கு மேல் தூக்கிவிட்டார்கள் சார். பில்லில் ஏன் ஒன்றுமே தெரியவில்லை?”

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தெரியாமல் இன்னொரு களையெடுப்பைத் தொடங்குவதில் பொருள் இல்லை. எனவே டாஷ்போர்டுகளின் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, பில் எப்படி ஏறுகிறது என்பதிலிருந்து தொடங்கினோம்.

ஸ்னோஃப்ளேக்கில் கேள்விக்கு இவ்வளவு என்று கட்டணம் இல்லை. கேள்விகளை ஓட்டும் கணினித் தொகுதிக்கு அங்கே வேர்ஹவுஸ் என்று பெயர். அது விழித்திருக்கும் நேரத்துக்குத்தான் கட்டணம், கிரெடிட் என்ற அலகில். மிகச் சிறிய அளவுக்கு மணிக்கு 1 கிரெடிட், அடுத்ததற்கு 2, நடுத்தர அளவுக்கு 4, பெரியதற்கு 8 என்று இரட்டித்துக்கொண்டே போகும். ஒரு முறை விழித்தால் குறைந்தது 60 விநாடிக்குக் கட்டணம் உண்டு. அதன்பின் விநாடிக் கணக்கு. வேலை முடிந்த பிறகு எவ்வளவு நேரம் சும்மா இருந்தால் அது தூங்கப் போக வேண்டும் என்பதை `AUTO_SUSPEND` என்ற அமைப்பு சொல்கிறது. யாரும் தொடாமல் விட்டால் பெரும்பாலும் 600 விநாடி, அதாவது பத்து நிமிடம். இங்கேயும் யாரும் தொட்டிருக்கவில்லை.

இனி பவர் பிஐ பக்கம். அங்கே புதுப்பிப்பை மணிக்கோ அரை மணிக்கோதான் குறிக்க முடியும். 9:00, 9:30, 10:00 என்று. குறித்த நேரத்தில் எல்லாம் ஒன்றாகத் தொடங்கிவிடாது. சேவையின் வரிசையைப் பொறுத்து ஒன்று 9:02க்குத் தொடங்கும், இன்னொன்று 9:09க்கு, மற்றொன்று 9:17க்கு. வேர்ஹவுஸ் தூங்குவதற்குத் தேவை பத்து நிமிட முழு ஓய்வு. அது கிடைப்பதற்குள் அடுத்த புதுப்பிப்பு வந்து தட்டிவிடும்.

இது ஊகமா, உண்மையா என்று பார்க்க ஒரே ஒரு கேள்வி போதும்:

```sql
SELECT start_time,
       credits_used_compute,
       credits_attributed_compute_queries
FROM snowflake.account_usage.warehouse_metering_history
WHERE warehouse_name = 'BI_WH'
  AND start_time >= DATEADD(day, -14, CURRENT_TIMESTAMP())
ORDER BY start_time;
```

வேர்ஹவுஸ் விழித்திருந்த ஒவ்வொரு மணி நேரத்துக்கும் இது ஒரு வரி தரும். இரண்டாவது பத்தி அந்த மணியில் வசூலித்த கிரெடிட். மூன்றாவது பத்தி அதில் உண்மையில் கேள்விகளை ஓட்டப் போனது. இரண்டுக்கும் உள்ள இடைவெளி, வேர்ஹவுஸ் சும்மா விழித்திருந்ததற்குக் கட்டிய பணம். இங்கே `BI_WH` நடுத்தர அளவு. இரண்டாவது பத்தியில் மேலிருந்து கீழ் வரை 4, 4, 4 என்றே இருந்தது. பகல் பதினொரு மணிக்கும் 4. எல்லாக் கிளையும் பூட்டிக் கிடக்கும் அதிகாலை மூன்று மணிக்கும் 4. ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே. மூன்றாவது பத்தியில் இருந்ததோ பகலில் ஒன்றரை சொச்சம், இரவில் ஒன்றுக்கும் கீழ்.

அதிகாலை மூன்று மணி வரியைத்தான் நிதி மேலாளரிடம் காட்டினோம். நாளுக்கு 24 மணி நேரம், மணிக்கு 4. ஆக 96 கிரெடிட். அறுபது டாஷ்போர்டு இருந்தாலும் 96, நாற்பது இருந்தாலும் 96. அரை மணிக்கு ஒரு முறை ஓடும் ஐந்தாறு மட்டும் சிதறிச் சிதறித் தொடங்கினால்கூட அதே 96 வர வாய்ப்பு உண்டு. முதல் களையெடுப்பில் நீக்கியவை உண்மையிலேயே பயனற்றவைதாம், அதில் தவறில்லை. ஆனால் அவை போன இடத்தில் வேர்ஹவுஸுக்குத் தூங்க இடைவெளி கிடைக்கவில்லை.

டாஷ்போர்டுகளின் எண்ணிக்கையால் பில்லை வகுத்து, “ஒன்றுக்கு இவ்வளவு மிச்சம்” என்று காட்டும் விளக்கப்படங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த வகுத்தல் பொய்க்கணக்கு. அதை நம்பி ஒருவர் உழைத்து, பலன் வராமல் போனால், அடுத்த முறை இந்த வேலைக்கு நேரம் ஒதுக்க யாரும் முன்வரமாட்டார்கள். எனக்கு அதுதான் பெரிய வருத்தம்.

ஆகவே முதல் வேலை, ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் அதற்குரிய விலை தனியாகத் தெரியும்படி செய்வது:

```sql
ALTER WAREHOUSE BI_WH SET AUTO_SUSPEND = 60;
```

இதைச் செய்வதற்கு முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வேர்ஹவுஸ் தூங்கும்போது அதன் உள்வட்டில் சேர்ந்திருந்த தற்காலிகத் தரவு போய்விடும். தரவை மொத்தமாக இழுக்கும் புதுப்பிப்புகளுக்கு அதனால் பெரிய இழப்பு இல்லை. ஆனால் ஒவ்வொரு சொடுக்குக்கும் ஸ்னோஃப்ளேக்கை நேரடியாகக் கேட்கும் டாஷ்போர்டுகளும் அங்கே மூன்று இருந்தன. அவற்றைப் பார்ப்பவர்களுக்கு ஒவ்வொரு முறையும் முதல் திரை மெதுவாக வரும். அந்த மூன்றையும் தனியாக ஒரு சிறிய வேர்ஹவுஸுக்கு மாற்றினோம். அதற்கு ஐந்து நிமிட ஓய்வு நேரம் வைத்தோம்.

ஒரு டாஷ்போர்டைக்கூட நீக்காமல், இந்த மாற்றத்தாலேயே `BI_WH` நாளுக்கு 96 கிரெடிட்டிலிருந்து ஏறக்குறைய 50க்கு வந்தது. அதைவிட முக்கியம், இப்போது கணக்குப் போட முடிந்தது. ஒரு புதுப்பிப்பு மூன்று நிமிடம் ஓடி, ஒரு நிமிடம் ஓய்ந்து, வேர்ஹவுஸ் தூங்கினால் மொத்தம் நான்கு நிமிடம். மணிக்கு 4 கிரெடிட் என்றால் அது 0.27 கிரெடிட். அரை மணிக்கு ஒரு முறை, நாளுக்கு 48 முறை ஓடினால் 12.8 கிரெடிட். கிரெடிட்டுக்கு 3 டாலர் என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு 38 டாலருக்கு மேல். வாங்கும் பதிப்பையும் பகுதியையும் பொறுத்து இந்த விலை மாறும். பல புதுப்பிப்புகள் ஒரே நேரத்தில் ஓடினால் தலைக்கு வரும் பங்கு குறையும். எனவே இது உச்ச வரம்பு. இருந்தாலும், எதை முதலில் பார்க்க வேண்டும் என்று வரிசைப்படுத்த இது போதும்.

இதற்குப் பிறகுதான் “யார் திறக்கிறார்கள்?” என்ற கேள்விக்கு வந்தோம்.

பவர் பிஐ நிர்வாகிக்குச் செயல்பாட்டுப் பதிவேடு கிடைக்கும். யார், எதை, எப்போது திறந்தார்கள் என்று அதில் இருக்கும். ஏறத்தாழ ஒரு மாதத்துக்கு முந்தையது அதில் கிடைக்காது. அதற்கு மேல் வேண்டுமென்றால் நாமே தினமும் எடுத்துச் சேமிக்க வேண்டும். ஒரு அழைப்பில் ஒரு நாள்தான் எடுக்கலாம். அந்த நாளும் யுடிசி நாள். நம் ஊர் நேரப்படி காலை 5:30க்குத்தான் அந்த நாள் தொடங்கும்.

```powershell
Get-PowerBIActivityEvent `
  -StartDateTime '2025-06-10T00:00:00.000' `
  -EndDateTime   '2025-06-10T23:59:59.999' `
  -ActivityType  'ViewReport'
```

இந்தப் பதிவை ஒரு காலாண்டு சேர்த்த பிறகே பட்டியல் போட்டோம். எண்ணியது திறப்புகளை அல்ல, ஆட்களை. ஒருவரே நாற்பது முறை திறந்தாலும் ஒருவர்தான். டாஷ்போர்டைக் கட்டியவரும் எங்கள் குழுவினரும் கணக்கில் இல்லை; காலையில் எல்லாம் சரியாக ஓடியதா என்று பார்க்க அவர்கள் திறப்பார்கள், அது பயன்பாடு ஆகாது. பவர் பிஐயே, இரண்டு மாதம் யாரும் எட்டிப் பார்க்காத தரவுத் தொகுப்பின் நேரம் குறித்த புதுப்பிப்பைத் தானாக நிறுத்திவைக்கும். அப்படியிருந்தும் இங்கே இத்தனை தேங்கியதற்கு இந்தக் காலைப் பார்வைதான் முதல் காரணம். அக்கறையோடு ஒருவர் தினமும் திறந்து பார்த்ததே, யாருக்கும் வேண்டாத ஒன்றை உயிரோடு வைத்திருந்தது.

பதிவேட்டை அப்படியே நம்பியிருந்தால் நாங்கள் நான்கு இடங்களில் தவறான முடிவுக்குப் போயிருப்போம்.

கிளைவாரி நிலுவை டாஷ்போர்டு திறப்புகளின் எண்ணிக்கையில் முதலிடத்தில் இருந்தது. ஆட்களை எண்ணினால் ஒரே ஒரு கணக்கு. தலைமை அலுவலகத்தின் வசூல் பிரிவில் சுவரில் மாட்டிய தொலைக்காட்சிக்காகத் திறந்த கணக்கு அது. நேரில் போய்ப் பார்த்தோம். வசூல் பிரிவு வேறு மாடிக்குப் போய்விட்டது. அந்த அறையில் இப்போது புதிய விற்பனைப் பிரதிநிதிகளுக்குப் பயிற்சி நடக்கிறது. தொலைக்காட்சியின் திரையை ஒரு வெள்ளைப் பலகை பாதி மறைத்திருந்தது. அரை மணிக்கு ஒரு முறை அந்தப் பலகைக்குப் பின்னால் நிலுவைத் தொகை புதுப்பித்துக்கொண்டிருந்தது.

இதற்கு நேர் எதிர், காலாவதி நெருங்கும் சரக்கு டாஷ்போர்டு. காலாண்டு முழுவதும் திறப்பு பூஜ்யம். பட்டியலில் நீக்க வேண்டியவற்றின் உச்சியில் அது இருந்தது. ஆனால் அதற்கு மின்னஞ்சல் சந்தா இருந்தது. தினமும் காலையில் அதன் முதல் பக்கம் படமாகக் கிடங்குப் பொறுப்பாளர்களுக்குப் போகிறது. ஒருவரைத் தொலைபேசியில் கேட்டோம். “டாஷ்போர்டா? அது தெரியாது மேடம். காலையில் வரும் மெயிலைப் பார்த்துத்தான் எந்தச் சரக்கை முதலில் அனுப்புவது என்று முடிவு செய்கிறோம்” என்றார். காலாவதிக்கு மூன்று மாதம் இருக்கும் மாத்திரைப் பெட்டியை முன்னால் நகர்த்துவதா வேண்டாமா என்பது அந்தப் படத்தை வைத்து நடக்கிறது. திறப்பு எண்ணிக்கையை மட்டும் வைத்து அதை நீக்கியிருந்தால் சரக்கு வீணாகியிருக்கும். காரணம் என்ன என்று கண்டுபிடிக்கவே பல வாரம் ஆகியிருக்கும். அதே சமயம், காலை ஏழு மணிக்கு ஒரு முறை படமாகப் போகும் ஒன்று நாளுக்கு 48 முறை புதுப்பித்துக்கொள்ளத் தேவையே இல்லை. காலை ஆறு மணிக்கு ஒரு முறை போதும். 12.8 கிரெடிட் 0.27 ஆனது.

மூன்றாவது, விற்பனை விவரத் தரவுத் தொகுப்பு. அதன்மேல் கட்டிய இரண்டு டாஷ்போர்டுகளையும் யாரும் பார்ப்பதில்லை. ஆனால் நிதிப் பிரிவில் இருவர் அந்தத் தொகுப்பை எக்செல்லில் இணைத்து, தங்களுக்கு வேண்டிய அட்டவணைகளை அங்கேயே போட்டுக்கொள்கிறார்கள். இது `ViewReport` வரிகளில் வராது. `AnalyzedByExternalApplication` என்ற வேறு செயலாகப் பதிவாகும். டாஷ்போர்டுகள் இரண்டையும் நீக்கினோம், தொகுப்பை வைத்துக்கொண்டோம்.

நான்காவது ஜிஎஸ்டி ஆண்டுப் படிவ ஒப்பீடு. ஜிஎஸ்டிஆர்-9 படிவத்துக்கு, நிதியாண்டு முடிந்தபின் வரும் டிசம்பர் 31 கடைசி நாள். ஆகவே அதற்கு ஆள் வருவது நவம்பரிலும் டிசம்பரிலும்தான். ஒரு காலாண்டுப் பதிவில் அது செத்ததைப் போலத் தெரியும். அதை நீக்கவில்லை, புதுப்பிப்பை மட்டும் அணைத்துவிட்டு, வரிப் பிரிவில் உள்ளவரே தேவைப்படும்போது பொத்தானை அழுத்திப் புதுப்பித்துக்கொள்ள உரிமை கொடுத்தோம்.

இப்படி ஒவ்வொன்றாகப் பார்த்தபோது எங்களுக்குப் பிடிபட்டது இதுதான்: சேமிப்பின் பெரும்பங்கு முழுமையாக நீக்கியவற்றிலிருந்து வரவில்லை, உயிரோடு இருப்பவற்றின் வேகத்தைக் குறைத்ததிலிருந்து வந்தது. அரை மணிக்கு ஒரு முறை ஓடியவற்றில் பலவற்றின் மூல அட்டவணையே நாளுக்கு ஒரு முறை, இரவில்தான் மாறுகிறது. அதே எண்களை 48 முறை இழுத்துக்கொண்டிருந்தார்கள். இதைக் கண்டுபிடிக்கத் திறப்புப் பதிவே வேண்டாம். மூல அட்டவணை எப்போதெல்லாம் மாறுகிறது என்று பார்த்தால் போதும். ஒவ்வொரு டாஷ்போர்டின் பொறுப்பாளரிடமும் நாங்கள் கேட்டதும் “இது வேண்டுமா?” என்று அல்ல. அப்படிக் கேட்டால் எல்லோரும் வேண்டும் என்றுதான் சொல்வார்கள். “இதில் உள்ள எண்ணைப் பார்த்து நீங்கள் கடைசியாக என்ன முடிவு எடுத்தீர்கள்? அது எந்த நேரத்தில்?” என்று கேட்டோம். பதில் வந்தால் அந்த நேரத்துக்கு முன் ஒரு புதுப்பிப்பு. பதில் வரவில்லை என்றால் ஓய்வுப் பட்டியல்.

ஓய்வு கொடுப்பதில் மிக ஆபத்தான வழி, சத்தமில்லாமல் புதுப்பிப்பை மட்டும் நிறுத்திவிட்டுத் திரையை அப்படியே விடுவது. மூன்று வாரம் கழித்து ஒருவர் திறக்கிறார். பழைய இருப்பு எண் தெரிகிறது. அதை இன்றைய எண் என்று நம்பி ஆர்டர் போடுகிறார். திறக்காத டாஷ்போர்டால் வரும் நட்டம் சில டாலர். பழைய எண்ணைக் காட்டும் டாஷ்போர்டால் வரும் நட்டத்துக்குக் கணக்கே இல்லை. எனவே முதலில் ஒவ்வொரு பக்கத்தின் உச்சியிலும், எந்தத் தேதியோடு புதுப்பிப்பு நிற்கிறது, வேண்டுமென்றால் யாரிடம் சொல்ல வேண்டும் என்ற பெரிய சிவப்பு வரியைப் போட்டோம். அறிவித்த தேதியில் புதுப்பிப்பை நிறுத்தினோம். அன்றைக்கே பார்க்கும் உரிமையையும் எடுத்துவிட்டோம். கோப்பைத் தரவிறக்கி, புதுப்பிப்பு நேரங்கள், உரிமை பெற்றவர்களின் பட்டியல், மூல இணைப்பு ஆகியவற்றோடு சேமித்தோம். இவை இல்லாமல் கோப்பை மட்டும் வைத்திருந்தால், திரும்பக் கொண்டுவருவது பாதிப் புது வேலை ஆகிவிடும்.

உரிமையை எடுத்த பிறகு வந்த முறையீடு ஒன்றே ஒன்று. தென்மாவட்டக் கிளை மேலாளர் ஒருவர், மாதக் கடைசியில் ஊக்கத்தொகை கணக்குப் பார்க்கத் தமக்கு அந்தப் பக்கம் வேண்டும் என்று எழுதினார். அன்று மாலையே திருப்பிக் கொடுத்தோம், நாளுக்கு ஒரு முறை புதுப்பிக்கும்படி.

மீதம் இருந்தவற்றை நேர வரிசையில் அடுக்கினோம். இரவுப் புதுப்பிப்பு அறவே இல்லை. காலையில் ஒரு மணி நேரத்துக்குள் எல்லாத் தினசரிப் புதுப்பிப்புகளும். பிறகு எட்டு மணி முதல் இரவு எட்டு வரை, உண்மையில் மணிக்கணக்கில் பார்க்கப்படும் சில மட்டும், எல்லாம் ஒரே நேரக் குறிப்பில். சேர்ந்து ஓடும்போது வேர்ஹவுஸ் மணிக்குக் கால் மணி நேரமே விழித்திருக்கிறது. கணக்கு எளிது: காலை ஒரு மணி நேரம் 4 கிரெடிட், பகலில் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் கால் மணி வீதம் மூன்று மணி நேரம், 12 கிரெடிட். மொத்தம் 16. மணிவாரிப் பட்டியலில் இப்போது அதிகாலை மூன்று மணிக்கு வரியே இல்லை. அதே 3 டாலர் கணக்கில் முப்பது நாளுக்கு 8,640 டாலராக இருந்தது 1,440 ஆகியிருக்கிறது. நேரடிக் கேள்விகளுக்கென்று பிரித்த சிறிய வேர்ஹவுஸின் செலவு இதில் சேரவில்லை; அதைத் தனியாகக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

பவர் பிஐ பக்கம் இதே போல் குறையும் என்று எதிர்பார்க்க வேண்டாம் என்று நிதி மேலாளரிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தோம். நாளுக்கு எட்டு முறைக்கு மேல் புதுப்பிக்க வேண்டும் என்பதற்காக அவர்கள் எடுத்திருந்தது, மாதம் இவ்வளவு என்று மொத்தமாகக் கட்டணம் கட்டி ஒதுக்கிப் பெறும் கணினித் திறன். அதில் வேலை பாதியானாலும் கட்டணம் அதேதான். அளவைக் கீழே இறக்கினால்தான் பில் குறையும். அளவு எஃப்64-க்குக் கீழே போனால், பார்வையாளர் ஒவ்வொருவருக்கும் தனி உரிமம் வாங்க வேண்டும். இருநூறு கிளைப் பணியாளர்கள் பார்க்கும் இடத்தில் அந்த உரிமச் செலவு சேமிப்பை விழுங்கிவிடும். அதனால் அதைத் தொடவில்லை.

கடைசியாக, டாஷ்போர்டுகள் போன பிறகு அவற்றுக்காகவே கட்டிய இடைநிலை அட்டவணைகள் மிஞ்சின. அவை வேறொரு வேர்ஹவுஸில் இரவுதோறும் புதிதாகக் கட்டப்பட்டுக்கொண்டிருந்தன. முதல் களையெடுப்பில் இந்தப் பக்கம் யாரும் பார்க்கவே இல்லை. ஸ்னோஃப்ளேக்கின் `ACCESS_HISTORY`, எந்த அட்டவணையை எந்தப் பயனர் படித்தார் என்பதை ஓராண்டுக்கு வைத்திருக்கிறது. எண்டர்பிரைஸ் பதிப்பு வேண்டும். கட்டும் பயனரைத் தவிர வேறு யாரும் படிக்காத அட்டவணைகளைப் பிரித்து, முதலில் இரவு வேலையிலிருந்து மட்டும் எடுத்தோம். ஜிஎஸ்டி ஒப்பீட்டுக்கு வேண்டிய இரண்டு மட்டும் நவம்பர் முதல் வாரத்தில் மீண்டும் ஓடும்படி குறித்து வைத்திருக்கிறோம். மற்றவற்றின் மீட்புக் காலத்தை `DATA_RETENTION_TIME_IN_DAYS` வழியாக 1 நாளிலிருந்து 90 நாளாக உயர்த்திவிட்டு `DROP` செய்தோம். அந்த 90 நாளுக்குள் யாராவது கேட்டால் `UNDROP TABLE` ஒரு வரி வேலை. அதுவரை சேமிப்பிடக் கட்டணம் உண்டு, ஆனால் இரவுதோறும் கட்டும் செலவோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிய தொகை.